வெறும் வானத்தில் தாழ்ந்த சூரியனைச் சேர்த்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள விடைகள் அனைத்தும் ஒரே படத்தை வைத்து எழுதப்பட்டவை. தூத்துக்குடிப் பக்கத்து உப்பளம் ஒன்று. முன்னே பாத்திகளும் வரப்புகளும், நடுவில் சில உப்புக் குவியல்கள், வலப்புறம் இரண்டு பனைகள், பின்னால் தொடுவானம் வரை எதுவுமே இல்லாத வெளிறிய வானம். முழுச் சட்டக் கேமராவில் 35 மி.மீ. லென்ஸ் கொண்டு, கேமராவைச் சாய்க்காமல் எடுக்கப்பட்ட இப்படத்தின் அளவு 6000 × 4000 பிக்சல். வானத்தின் நிறம் ஏறத்தாழ எங்கும் 190, 195, 200. மென்பொருள் ஃபோட்டோஷாப். மெனுப் பெயர்கள் திரையில் தெரிகிறபடியே தரப்பட்டுள்ளன.

எந்த மாதிரிப் படத்தில் சூரியனைச் சேர்க்கலாம்? எதில் முயற்சியே செய்யக் கூடாது?

நிழலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் எடுத்த படத்தில் ஒவ்வொரு குவியலின் அடியிலும் குட்டையான, கூர்மையான கரு நிழல் விழுந்திருக்கும். அந்த நிழலுக்குக் காரணமான சூரியன் மேலே இருக்கும்போது தொடுவானத்தில் இன்னொன்றை வைத்தால், என்ன தவறென்று சொல்லத் தெரியாதவர்கூட ஏதோ ஒட்டவில்லை என்று உணர்வார். நிழல்களை அழித்துப் புதிதாக வரையலாமே என்றால், அவ்வளவு உழைப்பில் வேறொரு மாலையில் போய்ப் படமே எடுத்து வந்துவிடலாம்.

மேகமோ மூட்டமோ சூழ்ந்து, நிழலே இல்லாமல் எடுத்த படம்தான் இதற்கு ஏற்றது. அப்படிப்பட்ட படத்திலும் வானம் முழுக்க ஒரே அளவு வெளிச்சமாக இருப்பதில்லை. தொடுவானத்தை ஒட்டிக் கர்சரை இடமிருந்து வலமாக நகர்த்தி Info பலகத்தில் எண்களைப் பார்த்தால் ஒரு பக்கம் நான்கைந்து அளவாவது கூடுதலாக இருக்கும். நம் படத்தில் வலப்பக்கம் சற்றுக் கூடுதல். எனவே சூரியனும் வலப்பக்கம்தான்.

திசையையும் மறக்க வேண்டாம். தூத்துக்குடியில் கடல் கிழக்கே உள்ளது. ஆகவே கடலின் மேல் நிற்கும் தாழ்ந்த சூரியன் காலைக்குரியது. நம் படத்தைப் போல நிலத்தையும் பனையையும் மேற்கு நோக்கிப் பார்த்தால் அது மாலைக்குரியது. ஊரை அறிந்தவர்கள் இதை உடனே கண்டுகொள்வார்கள்.

சூரியனை எவ்வளவு பெரிதாக வரைய வேண்டும்? படங்களில் எல்லாம் பெரிதாகத்தானே தெரிகிறது?

வானத்தில் சூரியன் அரைப் பாகைக்குச் சற்று மேலான அகலமே கொண்டது. லென்ஸின் குவிய நீளத்தை 109 ஆல் வகுத்தால் சென்சாரின் மீது விழும் வட்டின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைத்துவிடும். 35 மி.மீ. லென்ஸுக்கு அது 0.32 மி.மீ.; 36 மி.மீ. அகலச் சென்சாரில் 6000 பிக்சல் இருப்பதால் நம் படத்தில் வட்டு வெறும் 54 பிக்சல்தான்.

```
விட்டம் = (35 / 109) × (6000 / 36) ≈ 54 பிக்சல்
```

பனை உயரத்துக்குப் பெரிய சூரியன் தெரியும் படங்கள் 400 அல்லது 600 மி.மீ. லென்ஸ் கொண்டு வெகு தூரத்திலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றில் பின்னணி முழுவதும் நெருங்கி வந்தது போல இருக்கும். விரிந்த கோணத்தில் எடுத்த உப்பளப் படத்தில் அந்த அளவு வட்டை வைத்தால், அது சூரியனாகத் தெரியாது. பின்னால் தொங்கவிட்ட விளக்காகத்தான் தெரியும்.

ஆனாலும் பார்ப்பவர் கண்ணுக்குச் சூரியன் 54 பிக்சலை விடப் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பது உண்மைதான். அந்தப் பெருக்கத்தை வட்டு தருவதில்லை. அதைச் சுற்றி வெளுத்துப்போகும் ஒளி தருகிறது. வட்டின் விட்டத்தை 54 இலிருந்து 70 வரை கூட்டுவதில் தவறில்லை. 200 ஆக்குவதற்கு எந்த நியாயமும் இல்லை.

வட்டின் விளிம்பு தெளிவாகத் தெரிய வேண்டுமா, கரைந்துவிட வேண்டுமா?

இந்த ஒரு முடிவுதான் பிற எல்லாவற்றையும் நிர்ணயிக்கிறது. நம்ப முடியாத படங்களில் பெரும்பாலானவை இங்கேதான் சறுக்குகின்றன.

தொடுவானத்திலிருந்து 4 பாகை உயரத்தில் நிற்கும் சூரியனின் ஒளி, தலைக்கு மேலே இருக்கும்போது கடப்பதைப் போல ஏறத்தாழ 12 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வழியில் காற்றின் மூலக்கூறுகள் நீலத்தைச் சிதறடித்துவிடுகின்றன. மஞ்சளும் சிவப்பும் எஞ்சுகின்றன. அந்தக் காற்றில் தூசியும் ஈரமும் புகையும் சேரும்போது இன்னொன்றும் நிகழ்கிறது. இந்தத் துகள்கள் ஒளியின் அலைநீளத்தை ஒத்தோ அதைவிடப் பெரிதாகவோ இருப்பதால் ஒளியை எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறடிக்காமல், வந்த திசையை ஒட்டியே முன்னோக்கிச் சிதறடிக்கின்றன. சூரியனைச் சுற்றி வானம் பளீரென்று இருப்பதற்குக் காரணம் இதுவே.

மூட்டம் மெல்லியதாக இருந்தால் சூரியனின் ஒளி பெரும்பகுதி நேரே வந்து கேமராவை நிறைத்துவிடும். அப்போது வட்டின் நடு வெள்ளையாகவும், விளிம்பு கரைந்தும், சுற்றிலும் வலுவான ஒளிப்பரவலோடும் இருக்கும். மூட்டம் தடித்திருந்தால் நேரே வரும் ஒளி வெகுவாகக் குறைந்துவிடும். அப்போது வட்டு செம்மஞ்சளாக, விளிம்பு வெட்டினாற்போல, வெறுங்கண்ணுக்கும் கூசாததாகத் தெரியும். ஆனால் அதைச் சுற்றி ஒளி பொங்காது, நிழல்களும் பெரிதாக விழா, தரையில் பொன்னிறமும் படராது. வட்டு தெளிவு என்றால் பரவல் குறைவு. பரவல் நிறைவு என்றால் வட்டு தெளிவில்லை. சிவந்த, கூரிய வட்டையும் அதைச் சுற்றிப் பிரம்மாண்டமான பொன்னொளியையும் ஒரே படத்தில் வைப்பது, இரண்டு வேறு நாட்களின் வானத்தை ஒன்றாகத் தைப்பதற்குச் சமம்.

உங்கள் படத்தில் எது பொருந்தும் என்பதைத் தூரத்துப் பொருள்களே சொல்லிவிடும். தொடுவானத்தை ஒட்டிய மரங்களின் கருமை ஓரளவு எஞ்சியிருந்தால் மெல்லிய மூட்டம். அவை வானத்தின் நிறத்திலேயே கரைந்து போயிருந்தால் தடித்த மூட்டம். நம் உப்பளத்தில் தூரத்து உடைமரங்கள் சாம்பலாகவேனும் தெரிவதால், கரைந்த விளிம்பும் வலுவான பரவலும் கொண்ட முதல் வகையையே தேர்ந்துகொள்கிறோம்.

ஆரஞ்சு நிறத்தை Screen முறையில் வைத்தாலும் வானம் வெள்ளையாகத்தான் ஆகிறது. ஏன்?

வானம் ஏற்கெனவே மிக வெளிச்சமாக இருப்பதுதான் காரணம். Screen முறை எதையும் இருட்டாக்காது. இருப்பதை வெள்ளையை நோக்கி மட்டுமே தள்ளும்.

```
முடிவு = 1 − (1 − வானம்) × (1 − ஒளி)
```

நம் வானமான 190, 195, 200 மீது 235, 150, 85 என்ற நல்ல ஆரஞ்சை 30 விழுக்காட்டில் வைத்துக் கணக்கிட்டால் கிடைப்பது 208, 206, 205. வானம் கொஞ்சம் வெளுத்தது, நிறம் வரவில்லை. ஆரஞ்சின் அளவைக் கூட்டக் கூட்ட வெளுப்புதான் கூடும். பலர் இந்த இடத்தில் சலித்துப்போய் Color முறைக்குத் தாவுகிறார்கள். அது நிறத்தைத் தரும், ஆனால் ஒளியைத் தராது. வானம் சாயம் பூசியது போல ஆகும்.

எனவே ஒளியைச் சேர்ப்பதற்கு முன் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும். வானத்தின் மேல் Multiply முறையில் ஒரு லேயர் வைத்து, தொடுவானத்தில் 201, 183, 166 என்றும் படத்தின் மேல் விளிம்பில் 176, 184, 196 என்றும் நேர்கோட்டுக் கிரேடியன்ட் இழுங்கள். இப்போது தொடுவானம் 150, 140, 130 ஆகவும், உச்சி 131, 141, 154 ஆகவும் இறங்கிவிடும்: கீழே மங்கிய பழுப்பு, மேலே சாம்பல் நீலம். படம் இந்த நிலையில் பார்க்க அழகாக இருக்காது, இருக்க வேண்டியதும் இல்லை. இதன் மேல் அதே ஆரஞ்சை அதே 30 விழுக்காட்டில் வைத்தால் கிடைப்பது 179, 160, 143. சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே முன்பு 3 ஆக இருந்த வேறுபாடு இப்போது 36. ஒளியும் வந்தது, நிறமும் வந்தது.

கேமராவின் நடத்தையும் இதற்கு ஒத்துப்போகிறது. உண்மையில் சூரியன் சட்டகத்துக்குள் இருந்திருந்தால் கேமரா எக்ஸ்போஷரைக் குறைத்திருக்கும். வானமும் தரையும் சேர்ந்தே இருண்டிருக்கும். ஆகவே தரைக்கும் Exposure லேயர் ஒன்று வைத்து −0.7 அளவு இறக்கிவிடுங்கள். வானத்தை மட்டும் மாற்றித் தரையைப் பழைய வெளிச்சத்திலேயே விட்டால் படம் இரண்டாகப் பிளந்து நிற்கும்.

வட்டை வரைந்து Gaussian Blur கொடுத்தால் ஒளி பரவாமல் மறைந்தே போகிறது. பரவலை எப்படி உருவாக்குவது?

உண்மைச் சூரியன் சுற்றியுள்ள வானத்தை விட நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான மடங்கு பிரகாசமானது. ஆகவே அதன் ஒளியில் துளியளவு சிதறினாலும் வானம் பளிச்சிடுகிறது. உங்கள் வட்டோ 255 என்ற உச்சத்தைத் தாண்ட முடியாதது. 54 பிக்சல் வட்டை 300 பிக்சல் அளவுக்குக் கலைத்தால் அதன் நடுப்புள்ளியிலேயே 255 இல் 1 தான் எஞ்சும். மென்பொருள் பிழை செய்யவில்லை. பரப்புவதற்கு அங்கே ஒளி இல்லை. 32 பிட் முறையில் வெள்ளையைத் தாண்டிய பிரகாசத்தோடு வட்டை வரைந்தால் கலைத்தல் இயல்பாகவே வேலை செய்யும், ஆனால் அம்முறையில் பல கருவிகள் கிடைக்காது. வழக்கமான 16 பிட் முறையில், பரவலைத் தனித்தனித் துண்டுகளாகக் கட்டுவதே எளிது.

சூரியனின் மையத்துக்கு ஒரு வழிகாட்டிக் கோட்டுச் சந்திப்பை அமையுங்கள். தொடுவானத்திலிருந்து 4 பாகை என்பது நம் படத்தில் 408 பிக்சல். தூத்துக்குடியில் சூரியன் ஏறத்தாழ நேர்க்குத்தாகவே இறங்குவதால், இது மறைவதற்குச் சுமார் 17 நிமிடம் முந்தைய நிலை. அந்தச் சந்திப்பில், கறுப்பு நிரப்பி Screen முறையில் வைத்த நான்கு லேயர்களில், கடினம் 0 ஆக்கிய பிரஷால் ஒரே ஒரு சொடுக்கு வீதம் இடுங்கள். கறுப்பு Screen முறையில் மறைந்துவிடும். சொடுக்கு மட்டும் ஒளியாக நிற்கும்.

முதலாவது 160 பிக்சல் பிரஷ், நிறம் 255, 238, 195, முழு அடர்த்தி. இரண்டாவது 500 பிக்சல், நிறம் 255, 205, 130, லேயரின் Opacity 60. மூன்றாவது 1600 பிக்சல், நிறம் 245, 165, 90, Opacity 35. நான்காவது 4000 பிக்சல், நிறம் 225, 130, 75, Opacity 20. உள்ளிருந்து வெளியே போகப் போக அளவு ஏறத்தாழ மும்மடங்கு ஆவதையும், நிறம் வெள்ளை மஞ்சளிலிருந்து செம்பழுப்புக்கு நகர்வதையும் கவனியுங்கள். ஒற்றைப் பிரஷால் வரும் ஒளி சீராகச் சரிந்து திடீரென்று முடிந்துவிடும். நான்கும் ஒன்றன்மேல் ஒன்று சேரும்போதுதான் மையத்தருகே செங்குத்தாகச் சரிந்து, பின் வெகு தூரம் மெலிந்து நீளும் அந்த வால் கிடைக்கிறது. மூட்டத்தின் அடையாளமே அந்த வால்தான்.

நான்காவது லேயரை மட்டும் Free Transform கொண்டு, ஒளியின் மையம் சந்திப்பிலிருந்து நகராதபடி, அகலத்தில் 140, உயரத்தில் 60 விழுக்காடாக மாற்றுங்கள். தூசியும் ஈரமும் தரையை ஒட்டியே அடர்ந்திருப்பதால் வெளிப்புற ஒளி தொடுவானத்தின் வழியே பக்கவாட்டில் படரும். உள் மூன்றையும் வட்டமாகவே விடுங்கள். கடைசியில் 60 பிக்சல் வட்டு ஒன்றை 255, 250, 232 நிறத்தில், விளிம்பை 6 பிக்சல் கலைத்து மேலே வையுங்கள். அது பரவலுக்குள் பாதி மூழ்கித் தெரிந்தால் சரி.

சூரியனுக்குக் குறுக்கே பனை நிற்கிறது. ஒளி மரத்தின் முன்னால் வர வேண்டுமா, பின்னாலா?

இரண்டும். எந்த ஒளி எங்கே பிறக்கிறது என்று பார்த்தால் குழப்பம் தீரும். பனைக்கு அப்பாலுள்ள காற்றில் சிதறும் ஒளியைப் பனை மறைக்கும். பனைக்கும் கேமராவுக்கும் இடையிலான காற்றில் சிதறும் ஒளி பனையின் மீது மெல்லிய திரையாக விழும். லென்ஸுக்குள்ளேயே சிதறும் ஒளியோ எதையும் பாராமல் எல்லாவற்றின் மீதும் விழும். ஆகவே வட்டைப் பனை முழுமையாக மறைக்க வேண்டும். 160, 500 பிக்சல் பரவல்களைப் பெருமளவு மறைக்க வேண்டும். அகலமான இரண்டும் பனையின் மீதும் படிய வேண்டும்.

இதற்கு வேண்டிய மாஸ்கைக் கையால் வரைய முற்பட வேண்டாம். ஓலைகளின் நுனிகளை எந்தக் கையும் பிரித்துவிடாது. Multiply லேயர் சேர்ப்பதற்கு முந்தைய மூலப் படத்தில் Channels பலகத்துக்குப் போய் Blue சேனலை நகலெடுங்கள். அதில்தான் வானம் மிக வெளுப்பாகவும் மரம் மிகக் கருப்பாகவும் இருக்கும். Levels கொண்டு கருப்பு முனையை 90 க்கும் வெள்ளை முனையை 170 க்கும் கொண்டுவந்தால் வானம் வெள்ளை, பனை கறுப்பு என்று பிரிந்துவிடும். வெள்ளை உப்புக் குவியல்களும் வானத்தோடு சேர்ந்து வெளுத்துவிடும் என்பதால், தொடுவானத்துக்குக் கீழே உள்ள அனைத்தையும் கறுப்பு பிரஷால் நிரப்பிவிடுங்கள்.

இந்த மாஸ்கை வட்டுக்கு அப்படியே கொடுங்கள். உள்பரவல்கள் இரண்டுக்கும் கொடுத்து, Properties பலகத்தில் Density அளவை 65 ஆக்குங்கள். கறுப்பு சாம்பலாகி, மரத்தின் மீது கொஞ்சம் ஒளி கசியும். வெளிப்பரவல்களுக்கு மரத்தின் மாஸ்க் வேண்டாம். ஆனால் கீழ் விளிம்பிலிருந்து மேல்நோக்கி ஒரு கிரேடியன்ட் கொடுத்து, காலடியிலுள்ள பாத்தியில் பரவல் ஏறக்குறைய இல்லாதபடியும் தொடுவானத்தை ஒட்டிய வரப்புகளில் முழுமையாக இருக்கும்படியும் செய்யுங்கள். தூரம் கூடக் கூடத் திரை தடிக்க வேண்டும்.

சரியாக வந்திருக்கிறதா என்று அறிய, சூரியனுக்கு மிக அருகிலுள்ள ஓலையை 100 விழுக்காட்டில் பாருங்கள். அது கரிய கத்தரிப்பாக நின்றால் கசிவு போதவில்லை. உண்மையில் அங்கே ஓலையின் மெல்லிய நுனிகள் ஒளியில் கரைந்து காணாமலே போகும். தண்டு கருஞ்சிவப்பாக எஞ்சும். சட்டகத்தின் ஓரத்திலுள்ள மற்றொரு பனைதான் கருமையாக நிற்கும்.

தரைக்குப் பொன்னிறம் கொடுக்க Photo Filter போட்டால் போதாதா?

போதாது. அது நிழலையும் வெளிச்சத்தையும் ஒரே சூட்டில் நனைத்துவிடும். தாழ்ந்த சூரியனின் நிறத்தை நம்ப வைப்பது சூடான பகுதிக்குப் பக்கத்திலேயே நிற்கும் குளிர்ந்த பகுதிதான்.

உப்புக் குவியலை எடுத்துக்கொள்வோம். வெள்ளைப் பொருளாகையால் தன் மீது விழும் ஒளியின் நிறத்தை அப்படியே காட்டிவிடும். சூரியன் நமக்கு எதிரே இருப்பதால் நாம் காண்பது குவியலின் நிழல் பக்கம்; அதற்கு ஒளி தருவது நம் முதுகுக்குப் பின்னாலுள்ள வானம், அதன் நிறம் சாம்பல் நீலம். சூரியனின் ஒளி படுவது குவியலின் உச்சிக் கோட்டிலும், சூரியனை நோக்கித் திரும்பிய சரிவின் ஓரத்திலும் மட்டுமே. நம்மை நோக்கிய முகம் முழுவதையும் ஆரஞ்சாக்குவதுதான் இவ்வகைப் படங்களில் நான் மிகுதியாகக் காணும் பிழை.

Curves லேயர் ஒன்றில் Red வரைகோட்டின் நடுவை 128 இலிருந்து 142 க்கு ஏற்றி, Blue வரைகோட்டின் நடுவை 128 இலிருந்து 108 க்கு இறக்குங்கள். அதன் மாஸ்கைக் கறுப்பாக்கி, உச்சிக் கோடுகளிலும் வலப்புறச் சரிவு விளிம்புகளிலும் வரப்புகளின் மேல் முகத்திலும் மட்டும், Flow 10 அளவில் வெள்ளைப் பிரஷால் தடவித் தடவி ஏற்றுங்கள். சூரியனுக்கு நேர் கீழே அதிகம், விலகிப் போகப் போகக் குறைவு. இதன் மேல், அதே இடங்களில் இன்னும் மெல்லிய கோடாக, வெளிச்சத்தைச் சற்று உயர்த்தும் இரண்டாவது Curves லேயர் தேவைப்படலாம். நிழல் முகங்களை அப்படியே விட்டுவிடுங்கள்.

நிழல்களைப் பொறுத்தவரை, 4 பாகைச் சூரியனுக்கு ஒன்றரை மீட்டர் உயரக் குவியலின் நிழல் 21 மீட்டருக்கு மேல் நீளும். அவ்வளவு நீண்ட நிழல் மூட்ட ஒளியில் கூராக விழாது. அடியில் சற்று அழுத்தமாகத் தொடங்கிப் போகப் போகக் கலைந்துவிடும். திசைக்கு ஒரு விதி உண்டு: தொடுவானத்தில் சூரியனுக்கு நேர் கீழே ஒரு புள்ளி வைத்தால், எல்லா நிழல்களும் அப்புள்ளியிலிருந்து விரியும் கோடுகளின் வழியே நம்மை நோக்கி வரும். இடப்பக்கக் குவியலின் நிழல் இடப்பக்கமாகவும் வலப்பக்கக் குவியலின் நிழல் வலப்பக்கமாகவும் சாயும். Multiply முறையில் 10 முதல் 15 விழுக்காடு, நீலம் கலந்த சாம்பல் போதும். தரைக்கு உச்சி வெயில் கூர்மையைக் கொடுத்துவிடாதீர்கள்.

பாத்தியில் நிற்கும் தண்ணீரில் சூரியன் தெரிய வேண்டுமா?

கட்டாயம் தெரிய வேண்டும். இவ்வளவு தாழ்ந்த கோணத்தில் தண்ணீர் தன் மீது விழும் ஒளியில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். வானத்தில் சூரியன் இருந்து பாத்தியில் இல்லையென்றால் படம் அங்கேயே உடைந்துவிடும்.

இடம் குறிப்பது எளிது. கேமரா சாயாமல் இருந்து தண்ணீரும் அசையாமல் இருந்தால், தொடுவானத்துக்கு மேலே 408 பிக்சலில் சூரியன் இருப்பது போலவே கீழே 408 பிக்சலில், அதே நேர்க்குத்துக் கோட்டில் பிரதிபலிப்பு இருக்கும். வட்டையும் பரவல்களையும் நகலெடுத்து ஒன்றாக்கி, Flip Vertical கொடுத்து அங்கே இறக்கி, Screen முறையில் வைத்து, Opacity 60 ஆக்கி, தண்ணீர் இருக்கும் பாத்திகளுக்கு மட்டும் மாஸ்க் கொடுங்கள். வரப்பு குறுக்கிடும் இடங்களில் பிரதிபலிப்பு அறுபட்டு, அடுத்த பாத்தியில் தொடர வேண்டும். இந்த அறுபடல்தான் கண்ணை நம்ப வைக்கும். உப்பு விளைந்து வெளுத்த பாத்தியில் தெளிவான வட்டு வராது, சொரசொரப்பான பளபளப்பு மட்டுமே வரும்.

காற்று வீசித் தண்ணீர் சிலிர்த்திருந்தால் வட்டு கலைந்து, நம்மை நோக்கி நீளும் ஒடுங்கிய பட்டையாகிவிடும். Motion Blur கோணத்தை 90 பாகையில் வைத்து நீட்டினால் போதும். பட்டை அகலவாட்டில் பரவக் கூடாது.

வானத்தில் வளையம் வளையமாகப் பட்டைகள் தெரிகின்றன. எப்படிப் போக்குவது?

நிறம் மிக மெதுவாக மாறும் பரப்பில் 8 பிட்டின் படிகள் போதாமல் போவதால் வருவது இது. தொடக்கத்திலேயே Image மெனுவின் Mode பகுதியில் 16 Bits/Channel தேர்ந்துகொண்டு வேலை செய்யுங்கள். பட்டை வந்த பிறகு மாற்றுவதால் பயனில்லை. கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலாக 50 விழுக்காட்டுச் சாம்பல் நிரப்பிய லேயரை Overlay முறையில் வைத்து, Add Noise வழியாக Gaussian, Monochromatic இரண்டையும் தேர்ந்து 2 விழுக்காடு அளவில் மணல் தூவுங்கள். JPEG ஆகச் சேமிக்கும்போது 8 பிட்டுக்கு இறங்கினாலும் இந்த மணல் படிகளை மறைத்துவிடும். தரையில் மூலப் படத்தின் மணல் ஏற்கெனவே இருப்பதால் அங்கே மாஸ்க் கொண்டு பாதியாக்குங்கள்.

Lens Flare வடிகட்டியையோ கடையில் விற்கும் சூரியப் படங்களையோ பயன்படுத்தலாமா?

Lens Flare தருவது லென்ஸின் கண்ணாடிகளுக்கிடையே பட்டுத் தெறிக்கும் வண்ணப் பொட்டுகளை. மூட்டத்தில் ஒளி குறைந்த சூரியனுக்கு அவை தெளிவாக வருவதே அரிது. ஆயத்தப் படங்களைப் பயன்படுத்தலாம். ஆனால் அவற்றோடு வரும் பரவல் வேறொரு வானத்துக்குச் செய்தது. Multiply மூலம் வானத்தைத் தயார்ப்படுத்தும் வேலையும் பனைக்கு மாஸ்க் கொடுக்கும் வேலையும் எப்படியும் உங்களுடையதே.

என்னிடம் ஃபோட்டோஷாப் இல்லை, கிம்ப்தான் இருக்கிறது. இதே முறை வருமா?

வரும். Multiply, Screen, Overlay ஆகிய முறைகள் அதிலும் அதே பெயரில் உள்ளன. இங்குள்ள நிற எண்களையே தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளலாம். 16 பிட்டுக்கு Image மெனுவைப் பாருங்கள். மணலுக்கு RGB Noise உதவும்.

எல்லாம் செய்த பிறகும் ஏதோ ஒட்டவில்லை. எங்கே பார்ப்பது?

முதலில் மேலே ஒரு Black & White லேயரை வைத்து நிறத்தை நீக்கிப் பாருங்கள். நிறமில்லாத நிலையிலும் சூரியன் ஒளிர்வதாகத் தெரிந்தால் வெளிச்சத்தின் அடுக்கு சரி. தட்டையான சாம்பல் பொட்டாகத் தெரிந்தால், வானம் இன்னும் இருட்டவில்லை அல்லது உள்பரவல் போதவில்லை. நிறத்தால் அக்குறையை மறைக்க முயல்வதுதான் படத்தைச் சாயமாக்குகிறது.

அடுத்து, அதை நீக்கிவிட்டு ஒரு Curves லேயரில் வரைகோட்டை வெகு செங்குத்தாக்குங்கள். சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத குறைகள் எல்லாம் வெளியே வந்துவிடும்: பிரஷின் வட்ட விளிம்பு, பனையைச் சுற்றிய வெள்ளைக் கோடு, தொடுவானத்தில் வானமும் தரையும் சேரும் இடத்துத் தையல். பார்த்துச் சரிசெய்துவிட்டு அந்த லேயரை அழித்துவிடுங்கள். தொடுவானத் தையல் தெரிந்தால் மாஸ்கின் விளிம்பை அவ்விடத்தில் மட்டும் 20 பிக்சல் வரை கலைக்கலாம். மூட்டம் உள்ள நாளில் அந்தக் கோடு எப்படியும் கூராக இருக்காது.

இவை இரண்டிலும் பிடிபடாத குறை பெரும்பாலும் அளவு மீறல்தான். பரவல் லேயர்கள் நான்கையும் ஒரு குழுவாக்கி, குழுவின் Opacity அளவை 100 இலிருந்து மெதுவாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஏறக்குறைய எப்போதும் 70 க்கும் 85 க்கும் இடையில் ஓரிடத்தில் படம் இயல்பாகிவிடும். அடுத்த நாள் காலையில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு எண்ணை முடிவுசெய்வது நல்லது, ஏனெனில் மணிக்கணக்கில் ஆரஞ்சைப் பார்த்துப் பழகிய கண் அதன் மிகுதியை உணராது.

இந்தப் படத்தைப் போட்டிக்கோ பத்திரிகைக்கோ அனுப்பலாமா?

செய்திப் படமாக அனுப்பக் கூடாது. அங்கே இல்லாத ஒன்றைச் சேர்த்த படம் அது. போட்டிகளில் பிரிவைப் பொறுத்தது: இயற்கை, ஆவணப் பிரிவுகளில் இத்தகைய சேர்க்கை பொதுவாக விலக்கப்படும், படைப்பாக்கப் பிரிவுகளில் ஏற்கப்படும். அனுப்பும்போது சூரியன் சேர்க்கப்பட்டது என்று குறிப்பிட்டு, மூலக் கோப்பையும் கைவசம் வைத்திருங்கள்.